தொண்ணூறு புள்ளி மூணுல நின்ன தண்ணி

எனக்குத் தலைமுடி போய்ப் பதினாலு வருஷமாச்சு. இதைச் சொல்லியே ஆகணும்னு இல்ல. ஆனா ஒரு களிமண் டெஸ்ட்டுல நான் கோட்டை விட்டதுக்கு என் பக்கம் இருக்கிற ஒரே நியாயம் இதுதான். அதனால முதல்லயே சொல்லி வச்சிடறேன்.

திருவனந்தபுரத்துல ஒரு சின்ன மண் பரிசோதனை லேப்ல வேலை பாக்கறேன். பதவி லேப் மேனேஜர். நான் மேனேஜ் பண்றது ரெண்டு ரூம், ஒரு அடுப்பு, அப்போ ஓடாம கிடந்த ஒரு ஏசி, ஒரு டெக்னீஷியன். டெக்னீஷியனும் என்னை மாதிரியே இதே ஊர்ல கரமனைப் பக்கத்துக்காரங்க. வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல மலையாளம், கோபம் வந்தா ரெண்டும். என்னைவிட ரெண்டு வயசு சின்னவங்கதான். இருந்தாலும் நான் சேச்சின்னுதான், அதாவது அக்கான்னுதான் கூப்பிடுவேன். லேப்ல யாருக்கு விவரம் அதிகமோ அவங்கதான் மூத்தவங்கன்னு எனக்குள்ள ஒரு கணக்கு.

பொன்முடி போற ரோட்டுப் பக்கம் ஒரு கழிவு மையத்துல குளம் வெட்டினாங்க. குப்பையில இருந்து வடியற கறுப்புத் தண்ணியைத் தேக்கி வைக்கிற குளம். அந்தத் தண்ணி பூமிக்குள்ள இறங்கிடக் கூடாது. அதுக்காக அடியில களிமண்ணைப் போட்டு ரோலர் விட்டு இறுக்குவாங்க. அதுக்கு மேல பிளாஸ்டிக் ஷீட் வரும். ஷீட்டு எங்கயாவது கிழிஞ்சா, அப்புறம் களிமண்தான் கதி.

மண்ணு எடுக்க நானே போனேன். மண் வேலை கான்ட்ராக்டர் திருநெல்வேலிக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி. குளத்துக்குக் கீழே சரிவுல ஒரு டீக்கடை, அதுக்குப் பின்னால ஒரு கிணறு. கடையை நடத்துறது களியக்காவிளைப் பக்கத்துல இருந்து கல்யாணமாகி வந்த ஒரு அக்கா. டீ, சோறு, குடிக்கிற தண்ணி, எல்லாம் அந்தக் கிணத்துல இருந்துதான்.

டீயைக் கையில குடுத்துட்டுக் கேட்டாங்க, "சாரே, மேல அழுக்குத் தண்ணி கெட்டி நிறுத்தப் போறாங்கல்லா. எங்க கிணத்துக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "ரிப்போர்ட் வரட்டும்"னு சொல்லியிருக்கலாம். நாலு பேர் நிக்கிற இடத்துல வாயை மூடிட்டு இருக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"அக்கா, இந்த மண்ணு என் கையில பாஸாயிட்டா உங்க கிணறு சேஃப். நான் கேரண்டி."

"அப்பம் சார் சொன்னா போதும்"னு சொல்லிட்டு அந்தம்மா பாத்திரம் தேய்க்கப் போயிட்டாங்க. அண்ணாச்சி வானத்தைப் பாத்தார். "சார், மழைக்கு முன்னால முடிச்சாகணும். சட்டுபுட்டுன்னு பாத்துச் சொல்லிருங்க."

இந்த டெஸ்ட்டுல சட்டுபுட்டுன்னு எதுவுமே கிடையாது. அதுதான் அதோட குணம். பத்து சென்டிமீட்டர் விட்டத்துல ஒரு இரும்பு மோல்டு. அதுக்குள்ள மண்ணைச் சொன்ன ஈரத்துல, சொன்ன அடர்த்திக்கு இடிச்சு இறுக்கணும். மேலயும் கீழயும் நுண்துளைக் கல் வச்சு மூடணும். அப்புறம் அடியில இருந்து தண்ணியை மெதுவா ஏத்தி, உள்ளே இருக்கிற காத்தையெல்லாம் வெளியேத்தணும். களிமண்ணுக்கு இதுக்கே நாள் கணக்காகும். எல்லாம் ஆனப்புறம் மேல ஒரு ஒல்லிக் கண்ணாடிக் குழாயை மாட்டித் தண்ணி நிரப்பி விட்டுடுவோம். மண்ணு வழியா தண்ணி இறங்க இறங்கக் குழாயில மட்டம் கீழ வரும். எவ்வளவு நேரத்துல எவ்வளவு இறங்குச்சுன்னு பாத்தா, அந்த மண்ணு தண்ணியை எவ்வளவு சுலபமா விடுதுங்கிறது தெரிஞ்சிடும்.

இந்தக் குளத்துக்குக் கேட்டிருந்த எல்லை, வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர்ல கோடியில ஒரு பங்கு. அதுக்கு மேல போனா ஃபெயில்.

அண்ணாச்சி சைட்டுல எந்த ஈரத்துல ரோலர் ஓட்டப் போறாரோ அதே ஈரத்துல, பதினாறு சதவீதத்துல, சேச்சி மண்ணை இறுக்கினாங்க. அந்த மண்ணு நல்லா இறுகற ஈரம் பதினெட்டு. "சாரே, இது கொறச்சு உலர்ந்ததா இருக்கு கேட்டோ"ன்னாங்க. "சைட்டுல என்னவோ அதைத்தானே பண்ணணும்"னேன். அது சரியான பதில்தான். இந்தக் கதையில நான் சரியாச் சொன்னது அது ஒண்ணு.

ஒரு வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு மட்டத்தை நூறு சென்டிமீட்டர்ல வச்சு ஆரம்பிக்கணும். வெளியில நல்ல வெயில். ஏசி ரெண்டு மாசமா ஓடல. ஃபேன் தலைக்கு மேல பேய் மாதிரி சுத்துது. குழாயோட வாய் திறந்துதான் இருக்கும். இவ்வளவு மெதுவா இறங்கற தண்ணியில காத்துல ஆவியாப் போறதும் கணக்குல ஏறிடும். அதைத் தடுக்கத் தண்ணி மேல ஒண்ணு ரெண்டு சொட்டு பாரஃபின் எண்ணெய் விடுவோம். அன்னிக்குப் பாத்து பாட்டில் காலி.

"நாளைக்கு வாங்கிட்டு வந்து தொடங்கலாம் சாரே."

"ஒரு சொட்டு எண்ணெய்க்கு ஒரு நாளா? எண்ணெய் எண்ணெய்தானே. உங்க பையில தலைக்குத் தேய்க்கறது இருக்குமே?"

இருந்தது. சின்ன பிளாஸ்டிக் பாட்டில்ல, பழவங்காடியில செக்குல ஆட்டி வாங்கின சுத்தமான தேங்காயெண்ணெய். சேச்சி ஒரு மாதிரிப் பாத்துக்கிட்டே குடுத்தாங்க. ஒரு சொட்டு போதும். நான் அவியலுக்கு ஊத்துற மாதிரி ஊத்திட்டேன். தண்ணி மேல ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் நின்னுச்சு. "பாத்தீங்களா, இதான் அனுபவம்"னு வேற சொன்னேன்.

பன்னெண்டு மணிக்கு சேச்சி மட்டம் பாத்து எழுதினாங்க. தொண்ணூத்தி மூணு புள்ளி நாலு. ரெண்டு மணி நேரத்துல ஆறு புள்ளி ஆறு சென்டிமீட்டர். களிமண்ணுக்கு இது கொஞ்சம் ஓட்டம்தான். அவங்க என்னைப் பாத்தாங்க. நான் கதவைப் பாத்தேன். ஏன்னா அப்பத்தான் ஏசி மெக்கானிக் உள்ளே வந்தார்.

ரெண்டு மாசம் போன் பண்ணி வராத ஆளு. நாப்பது நிமிஷத்துல ரிப்பேர் பண்ணிட்டுப் போயிட்டார். எனக்கு வந்த சந்தோஷத்துல ரிமோட்டை எடுத்து இருபதுல வச்சேன். "டெஸ்ட் ரூம்ல டெம்பரேச்சர் மாறவே கூடாது. திங்கக்கிழமை வரைக்கும் யாரும் ஆஃப் பண்ணக் கூடாது"ன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டினேன். எனக்காகப் போட்ட ஏசிக்கு விஞ்ஞானத்துல இருந்து ஒரு காரணம் கிடைச்சா யாருக்குத்தான் கசக்கும்?

சனிக்கிழமை காலைல பத்து மணி. மட்டம் தொண்ணூறு புள்ளி மூணு.

சேச்சி நோட்டைக் காமிச்சாங்க. "சாரே, முதல் ரெண்டு மணி நேரத்துல ஆறு புள்ளி ஆறு. பின்ன இருபத்திரெண்டு மணி நேரத்துல மூணு புள்ளி ஒண்ணுதான். இது எங்ஙனே?"

இந்த இடத்துல படிச்ச எந்த மனுஷனும் நின்னு யோசிப்பான். மட்டம் குறையக் குறைய வேகம் கொஞ்சம் குறையும். அது நியாயம். ஆனா ஓடிட்டிருந்தவன் தவழ்றதுக்கு அது காரணம் ஆகாது. எனக்கோ சைட்டுல அண்ணாச்சி காத்திருக்கார். டீக்கடையில கேரண்டி குடுத்திருக்கேன். மேல குளுகுளுன்னு காத்து வருது. மனசுக்குப் பிடிச்ச நம்பர் வந்துட்டா அதுக்குக் காரணம் கண்டுபிடிக்கறதுல என்னை அடிச்சுக்க ஆளில்ல.

"அது ஆரம்பத்துல அப்படித்தான் சேச்சி. மண்ணு ஊறி உப்பும், துளையெல்லாம் அடைஞ்சிடும். பிறகு செட்டில் ஆயிடும்."

"ஒரு வாரமா ஊறிக்கிட்டுதானே இருந்துச்சு?"

"இன்னும் ஊறிருக்கும்."

சேச்சி பேனாவை மூடி நோட்டுக்குள்ள வச்சாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு இத்தனை வருஷத்துல எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

கணக்குப் போட்டேன். அது பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. குழாயோட குறுக்குப் பரப்பை மண்ணோட உயரத்தால பெருக்கணும். அதை மண்ணோட குறுக்குப் பரப்பாலயும், ஆன வினாடிகளாலயும் வகுக்கணும். கடைசியா, தொடக்க மட்டத்தை முடிவு மட்டத்தால வகுத்து, அதுக்கு இயற்கை மடக்கை எடுத்து, அதால பெருக்கணும். எங்க குழாய் அஞ்சு மில்லிமீட்டர் விட்டம், பரப்பு புள்ளி ஒண்ணு ஒம்பது ஆறு. மண்ணு உயரம் பன்னெண்டு புள்ளி ஏழு மூணு, பரப்பு எழுபத்தெட்டரை. ஒரு நாளைக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு வினாடி. எல்லாத்தையும் போட்டா கோடியில புள்ளி மூணு எட்டு பங்கு வந்துச்சு.

தண்ணி குளிர்ந்தா கெட்டியாகி மெதுவா ஓடும். அதனால கிடைச்ச விடையை இருபத்தேழு டிகிரிக்கு மாத்திக் குடுக்கணும். ஃபார்ம்ல "வெப்பநிலை 20"ன்னு என் கையால அழகா எழுதினேன். திருத்தமும் போட்டேன். புள்ளி நாலு நாலு. எல்லை ஒண்ணு. பாஸ்!

இருபது டிகிரியில தண்ணி என்ன ஆகும்னு நாலு இலக்கத்துக்குக் கணக்குப் போட்டவன், அதே இருபது டிகிரியில அதுக்கு மேல நிக்கிற எண்ணெய் என்ன ஆகும்னு நினைக்கவே இல்ல. அதுதான் வருஷக்கணக்காத் தலைக்கு எண்ணெய் தேய்க்காததோட விளைவு.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "பாஸ் அண்ணாச்சி. சாதா பாஸ் இல்ல, டிஸ்டிங்ஷன். திங்கக்கிழமை இன்னொரு ரீடிங் எடுத்து ரிப்போர்ட் அனுப்பறேன்."

"அப்ப வேலையைத் தொடங்கிருதேன் சார்."

"தொடங்குங்க, தொடங்குங்க. அக்காகிட்டயும் சொல்லிடுங்க."

அதையும் சொன்னேன். யாரும் கேக்கல. நானாத்தான் சொன்னேன்.

திங்கக்கிழமை காலைல வந்து பாத்தா மட்டம் தொண்ணூறு புள்ளி மூணு.

கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாத்தேன். தொண்ணூறு புள்ளி மூணேதான். ரெண்டு நாளா ஒரு மயிரிழை கூட இறங்கல. கணக்குப் போட்டா விடை பூஜ்யம். பூஜ்யம்னா தண்ணியே விடாத மண்ணு. அப்படி ஒண்ணு இந்த உலகத்துல கிடையாது. இருந்தா கப்பல் கட்டலாம். அடுத்த ஒரு நிமிஷம் எனக்குள்ள ஓடினதை வெக்கத்தை விட்டுச் சொல்றேன். "நம்ம லேப்புல ஏதோ புதுசாக் கண்டுபிடிச்சிட்டமோ"ன்னுதான் நினைச்சேன்.

சேச்சி ஸ்டூல் போட்டு ஏறிக் குழாயை மேல இருந்து பாத்தாங்க. இறங்கி வந்தாங்க. முகத்துல சிரிப்பு இல்ல. அதை உள்ளுக்குள்ள வச்சிருந்தாங்க.

"சாரே, ஒண்ணு ஏறிப் பாருங்க."

ஏறினேன். குழாய்க்குள்ள வெள்ளை வெளேர்னு, மெழுகுவத்தித் துண்டு மாதிரி, ஒரு அடைப்பு.

"இது என்ன?"

"என்ற வெளிச்செண்ணெய்."

"ஏன் வெள்ளையா இருக்கு?"

"கட்டியாயி சாரே. ஏசி ரூம்ல வச்சா வெளிச்செண்ணெய் கட்டியாவும். கேரளத்துல பிறந்த கொச்சுப் பிள்ளைக்கும் அறியும்."

தண்ணியில முக்கின ஸ்ட்ராவோட மேல் வாயை விரலால அடைச்சுத் தூக்கினா உள்ள இருக்கிற தண்ணி விழாதுல்ல, அதேதான். மேல இருந்து காத்து அழுத்த வழி இல்லாம, தண்ணி குழாய்க்குள்ள அப்படியே தொங்கிட்டு நின்னுருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு எண்ணெய் உறைஞ்சிருக்கணும். அதுக்கப்புறம் நான் அளந்தது மண்ணை இல்ல, எண்ணெயை.

ஏசியை நிறுத்தினேன். குழாயோட மேல் பக்கத்தை உள்ளங்கையால பொத்திக்கிட்டு ஸ்டூல் மேலயே நின்னேன். கொஞ்ச நேரத்துல வெள்ளை ஓரத்துல கண்ணாடி மாதிரி ஆச்சு, நடுவுல குழைஞ்சுது, அப்புறம் மொத்தமும் எண்ணெயாச்சு. சேச்சி ஸ்டாப் வாட்சோட கீழ நின்னாங்க. பத்து நிமிஷத்துல மட்டம் அஞ்சு மில்லிமீட்டர் போல இறங்குச்சு.

சேச்சியோட அந்தப் பன்னெண்டு மணி ரீடிங்கை எடுத்துக் கணக்குப் போட்டேன். கோடியில மூணு பங்கு. எல்லையைப் போல மூணு மடங்கு. பச்சையா ஃபெயில். சரியான விடை வெள்ளிக்கிழமை மத்தியானமே அந்த நோட்டுல இருந்திருக்கு.

"இப்ப என்ன பண்றது சேச்சி?"

"போன் பண்ணணும். வேறென்ன? சார்தானே டிஸ்டிங்ஷன்னு சொன்னீங்க."

போன் பண்ணேன். அண்ணாச்சி முழுசாக் கேட்டுக்கிட்டார்.

"சார், நேத்தே ஒரு லேயர் போட்டு உருட்டியாச்சே."

"தெரியும் அண்ணாச்சி."

"பாஸுன்னீயளே."

"எண்ணெய் உறைஞ்சு போச்சு அண்ணாச்சி."

"எந்த எண்ணெய்? மண்ணுல எங்கய்யா எண்ணெய் வந்துச்சு? சார், நீங்க டெஸ்ட் பண்ணியளா, தாளிச்சியளா?"

போன்ல முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. பஸ் பிடிச்சு சைட்டுக்குப் போனேன். குளத்துல முதல் லேயர் தேச்ச தரை மாதிரி பளபளன்னு கிடந்தது. பாக்க அவ்வளவு அழகு. உலர்ந்து இறுக்கின களிமண்ணு அப்படித்தான், கல்லு மாதிரி இருக்கும். உள்ளுக்குள்ள மட்டும் கட்டி கட்டியா நிக்கும், கட்டிக்கு நடுவுல தண்ணி போக வழி இருக்கும். கொஞ்சம் ஈரம் கூட்டி இறுக்கினா அந்தக் கட்டியெல்லாம் மசிஞ்சு ஒண்ணாச் சேரும். மண்ணை மாத்த வேண்டியதில்ல. கிளறிப் போட்டு, இருபது இருபத்தொண்ணு சதவீதம் ஈரத்துல திரும்ப உருட்டினா சரியாகலாம்னு சொன்னேன்.

"அந்த ஈரத்துல ரோலர்ல அப்பிக்கிடும் சார். பசங்க என்னைத்தான் ஏசுவானுவ."

"என்னையும் சேத்து ஏசச் சொல்லுங்க."

"அது சொல்லாமயே நடக்கு. சரி, ‘ஆகலாம்’னா என்ன அர்த்தம்? ஆகுமா, ஆகாதா?"

"டெஸ்ட் பண்ணாதான் தெரியும்."

அண்ணாச்சி வானத்தைப் பாக்கல. என்னைப் பாத்தார். அதுக்கு வானமே தேவலாம்.

டீக்கடை அக்கா எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தாங்க. நான் போய் நின்னேன். "அக்கா, சனிக்கிழமை சொன்னது தப்பு. மண்ணு பாஸாகல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவங்க கரண்டியைக் கீழ வச்சாங்க. "இந்தக் கிணத்தை வுட்டா எனக்கு வேற தண்ணி இல்ல சாரே. அதுனாலதான் கேட்டது. சார் சிரிச்சோண்டு கேரண்டின்னு சொன்னப்பமே எனக்கு ஒரு சம்சயம். நெசமாட்டுத் தெரிஞ்சவன் அவ்வளவு வேகத்துல சொல்ல மாட்டான்."

"சரி அக்கா"ன்னு மட்டும் சொல்லிட்டு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்து இருபதரை சதவீத ஈரத்துல புது சாம்பிள் போட்டோம். இந்தத் தடவை மண்ணை நானே இடிச்சேன், மறுநாள் தோளைத் தூக்க முடியல. ஊறவச்சோம், காத்து வெளியேற நாள் கணக்காக் காத்திருந்தோம். பாரஃபின் எண்ணெய் புது பாட்டில், ரெண்டே சொட்டு. ஏசி ரிமோட்டை சேச்சி அவங்க சாப்பாட்டுப் பைக்குள்ள வச்சு ஜிப்பை இழுத்துட்டாங்க. அண்ணாச்சி தினமும் ரெண்டு தடவை போன் பண்ணுவார். "இறங்குதுன்னு மட்டும் சொல்லுவேன், எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன்"னுட்டேன். "ஆசுபத்திரியில கூட இப்படிச் சொல்ல மாட்டானுவ சார்"னார்.

ஒரு நாள்ல நூறுல இருந்து எண்பத்தஞ்சுக்கு வந்துச்சு. கணக்குப் போட்டா கோடியில புள்ளி ஆறு. பாஸ். கை தானாப் போன் பக்கம் போச்சு. சேச்சி தொண்டையைக் கனைச்சாங்க. கையை எடுத்துட்டேன்.

அடுத்த நாள் எண்பத்தஞ்சு எழுபத்திரெண்டேகாலுக்கு வந்துச்சு. முதல் நாள் எந்த விகிதத்துல குறைஞ்சதோ, ரெண்டாம் நாளும் அதே விகிதம். அதே புள்ளி ஆறு. நேரம் மாறினாலும் விடை மாறாம நின்னாத்தான் அளந்தது மண்ணைன்னு அர்த்தம். இருபது வருஷமா இந்த டெஸ்ட் பண்றேன். இந்த வரியை எத்தனையோ பேர்கிட்ட நானே சொல்லியிருக்கேன்.

அண்ணாச்சிகிட்ட நம்பரைச் சொன்னேன், ஈரம் எவ்வளவுன்னு சொன்னேன், வேற அடைமொழி எதுவும் சேக்கல. அவர் லேயரைக் கிளறி, தண்ணி தெளிச்சு, திரும்ப உருட்டினார். சொன்ன மாதிரியே ரோலர்ல மண்ணு அப்பிச்சு. அவர் ஆளுங்க என்னை ஏசினது எனக்கு நேர்லயே கேட்டுச்சு. ஒவ்வொரு லேயருக்கும் நானே போய் ஈரம் அளந்தேன். மழை ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னால வேலை முடிஞ்சது.

கடைசி நாள் டீக்கடைக்குப் போனேன். "பாஸ் ஆயிடுச்சு அக்கா. இது நிஜம்."

"அப்பம் தண்ணி ஒரு சொட்டும் வராதா?"

"வராதுன்னு சொல்ல மாட்டேன்"னேன். ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வச்சுப் பேசினேன். "மேல ஷீட் இருக்கு. ஷீட்டே போயிடுச்சுன்னு வச்சுக்கிட்டாலும், இந்தக் களிமண்ணு ஒரு வருஷத்துக்கு ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டர் தண்ணிதான் விடும். அதுவும் நாங்க அளந்த மாதிரியே எல்லா இடத்துலயும் இருந்தா. எங்கயாவது விரிசல் விட்டுச்சுன்னா எனக்குத் தெரியாது."

அக்கா கையைத் துடைச்சுக்கிட்டாங்க. "இப்பம் சொல்லுறதுதான் விசுவாசிக்கிற மாதிரி இருக்கு. அப்பம் ஒரு காரியம் செய்யுங்க சாரே. எல்லா வருஷமும் மழை தீந்ததும் வந்து இந்தக் கிணத்துத் தண்ணியை எடுத்துட்டுப் போய் செக் பண்ணிச் சொல்லணும். கேரண்டி குடுத்த ஆளு நீங்கல்லா."

எங்க லேப் மண்ணு லேப், தண்ணி டெஸ்ட் எங்ககிட்ட கிடையாதுன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லல.

இப்போ வருஷா வருஷம் மழை விட்டதும் ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு சுத்தமான பாட்டிலை எடுத்துக்கிட்டு பஸ் ஏறறேன். தண்ணி லேப்புல தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்டக் குடுத்து, ரிசல்ட் பேப்பரைக் கொண்டுபோய் அக்காகிட்டக் காட்டுவேன். இதுவரைக்கும் தண்ணி நல்லாத்தான் இருக்கு. அவங்க ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படிக்கச் சொல்லிக் கேப்பாங்க. நான் வேகமாப் படிச்சா, திரும்ப முதல்ல இருந்து.